எண்பது சதுர அடி

பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது அளவுள்ள மனை ஒன்று. ஆயிரத்து இருநூறு சதுர அடி. 1979-இல் ஒருவர் தம் சம்பாத்தியத்தில் வாங்கிப் பதிவு செய்துகொண்டார். கீழே இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும் கட்டினார். 1988-இல் உயில் எழுதாமல் காலமானார். மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் இருந்தார்கள். வாணியம்பாடியில் தம் இளைய மகனோடு அவருடைய தாயாரும் வாழ்ந்துகொண்டிருந்தார். இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குடும்பம் அதை மறந்துவிட்டது. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, மனையை விற்கும் நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது.

நான் வங்கியின் சட்டப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சொத்துப் பத்திரங்களைப் படித்துக் கருத்து எழுதுவதே என் வேலையாக இருந்தது. பத்திரம் போலி என்பதால் நின்றுபோன கடன்களைக் காட்டிலும், இறந்தவர் பெயரில் கிடக்கும் பதிவேட்டாலோ, அதைவிட மோசமாக, ஒரே ஒரு வாரிசின் பெயருக்கு அவசரமாக மாற்றப்பட்ட பதிவேட்டாலோ நின்றுபோன கடன்களே மிகுதி. மேற்சொன்ன குடும்பம் எனக்குத் தெரிந்த குடும்பம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்கை மட்டும் மாற்றவில்லை.

கணக்குக்குள் போகுமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்தவர்கள் 'காத்தா' என்ற கன்னடச் சொல்லைக் கேட்டதும் அதைப் 'பட்டா' என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். இது பிழை. நகரத்தில் காத்தா என்பது மாநகராட்சி வைத்திருக்கும் வரிக்கணக்கு. இந்தச் சொத்துக்கு யாரிடம் வரி வசூலிப்பது என்பதற்கான பதிவு அது. வேளாண் நிலத்துக்கு வருவாய்த் துறை வைத்திருக்கும் பதிவேடு வேறு. அதைப் பஹணி என்பார்கள். அதில் ஒன்பதாம் பத்தியில் உடைமையாளர் பெயரும், பத்தாம் பத்தியில் அந்தப் பெயர் எந்த மாறுதலின் வழியே வந்தது என்ற குறிப்பும் இருக்கும். கிராம ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் வீட்டு மனைக்கு ஊராட்சியின் பதிவேடு. ஆக, இறந்தவரின் சொத்து எந்த வகை என்று தெரிந்துகொண்ட பிறகே எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தீர்மானிக்க முடியும். நகரம் வளர வளர, ஒரே நிலம் முதலில் பஹணியிலும் பின்னர் ஊராட்சியிலும் அதற்குப் பின்னர் மாநகராட்சியிலும் இடம்பெற்று, மூன்று இடங்களிலும் மூன்று பெயர்களோடு நிற்பதும் உண்டு.

இந்த மூன்றில் எதுவும் உடைமையை உண்டாக்குவதில்லை. பதிவேட்டில் பெயர் மாறுவது வரி, வருவாய் நோக்கத்துக்காகவே. அது உரிமையைத் தருவதும் இல்லை, பறிப்பதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996 முதல் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. கர்நாடக நில வருவாய்ச் சட்டம், 1964-இன் 133-ஆம் பிரிவு பஹணிப் பதிவுக்கு ஓர் அனுமானத்தைத் தருவது உண்மைதான். மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அது சரியென்று கொள்ளப்படும். மெய்ப்பிக்கப்பட்டால் அந்த அனுமானம் அந்தக் கணமே போய்விடும். உரிமை இறப்பின்போதே வாரிசுகளிடம் சென்று சேர்ந்துவிடுகிறது. நகரக் காத்தாவும் கிராமப் பஹணியும் அதைப் பின்னால் வந்து எழுதிக்கொள்கின்றன. தவறாக எழுதிக்கொண்டால் தவறு பதிவேட்டில்தான் இருக்கும். உரிமை இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்தக் குடும்பம் செய்தது இதுதான். 1990-இல் மூத்த மகன் மாநகராட்சிக்கு விண்ணப்பம் எழுதினார். இறப்புச் சான்று இணைத்தார். வரி கட்டிய ரசீது இணைத்தார். தாயும் தம்பியும் ஆட்சேபம் இல்லை என்று முத்திரைத் தாளில் எழுதிக்கொடுத்தார்கள். வம்சவிருட்சம் என்ற குடும்ப விவரத்தில் 'மனைவி, இரு மகன்கள்' என்று மட்டும் இருந்தது. மகள் அப்போது மணமாகிச் சேலத்தில் இருந்தார். அவரை மறைக்க வேண்டும் என்று யாரும் சதி செய்யவில்லை. 'பெண்ணுக்குக் கல்யாணத்தில் செய்தாயிற்று, அவள் கையெழுத்துக்காக அலைவானேன்' என்ற எண்ணம்தான். காத்தா மூத்தவர் பெயருக்கு வந்தது. அதன்பின் அவரே வரி கட்டினார். மேல்தளம் எழுப்பினார். வாடகை வாங்கினார். முப்பது ஆண்டுகளில் அந்த வீடு தம்முடையது என்ற நம்பிக்கை அவருக்கு இயல்பாகவே வந்துவிட்டது.

2024-இல் விற்க முனைந்தார். ஒரு கோடியே எண்பது லட்சம் ரூபாய்க்கு விலை பேசி முடிந்தது. சதுர அடி பதினைந்தாயிரம். வாங்குபவர் வங்கிக் கடன் கேட்டிருந்தார். வங்கியின் வழக்கறிஞர் பத்திரங்களைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'அப்பா இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்தாரா?'

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி, உயில் எழுதாமல் இறக்கும் இந்து ஆணின் சுய சம்பாத்தியச் சொத்துக்கு முதல் வகுப்பு வாரிசுகள் உண்டு. மனைவி, மகன், மகள், தாய் ஆகிய எல்லோருக்கும் சம பங்கு. தந்தை அந்த வகுப்பில் இல்லை, தாய் இருக்கிறார். நம் குடும்பங்களில் இதை எடுத்துச் சொன்னால் முதலில் நம்புவதே இல்லை. வம்சவிருட்சத்தின் அமைப்பும் இந்த மறதிக்குத் துணைபோகிறது. இறந்தவரில் தொடங்கி மனைவி, மக்கள், பேரர் என்று கீழ்நோக்கி வளரும் மரம் அது. தாய் மரத்தின் மேலே இருப்பவர். அவருக்கு அதில் கட்டமே இல்லை. கிராம அலுவலரும் கேட்பதில்லை, குடும்பமும் சொல்வதில்லை.

ஆக 1988-இல் பங்குதாரர் ஐவர்: தாயார், மனைவி, மூன்று மக்கள். ஆளுக்கு ஐந்தில் ஒன்று, அதாவது இருநூற்று நாற்பது சதுர அடி.

1993-இல் வாணியம்பாடியில் அந்தத் தாயார் காலமானார். அவருடைய இருநூற்று நாற்பது சதுர அடி எங்கே போகும்? அது மகன் வீட்டுக்குத் திரும்பி வராது. அது அவருடைய சொத்து. ஆகவே அவருடைய வாரிசுகளுக்குப் போகும். பெண்ணின் சொத்துக்கு அவருடைய மகன்கள், மகள்கள், கணவர் ஆகியோரும், முன்னரே இறந்துவிட்ட மகன் அல்லது மகளின் மக்களும் முதல் வாரிசுகள். கணவர் முன்பே காலமாகிவிட்டார். எஞ்சியோர் வாணியம்பாடியிலிருந்த இளைய மகனும், கோலார் தங்கவயலில் வாழ்ந்த மகளும், இறந்துபோன மூத்த மகனின் மூன்று மக்களும். கிளைக்கு மூன்றில் ஒன்று. அந்த மூன்று மக்கள் சேர்ந்து ஒரு கிளை. எனவே சித்தப்பாவுக்கு எண்பது சதுர அடி. அத்தைக்கு எண்பது சதுர அடி. மூன்று மக்களுக்கும் சேர்த்து எண்பது. மருமகளுக்கு, அதாவது இறந்தவரின் மனைவிக்கு, இதில் பங்கில்லை; சட்டம் மகனின் மக்களைச் சொல்கிறதே தவிர மகனின் மனைவியைச் சொல்லவில்லை.

சித்தப்பா 2009-இல் இறந்தார். மனைவி, நான்கு மக்கள். அவருடைய எண்பது சதுர அடி ஐந்தாகி ஆளுக்குப் பதினாறு சதுர அடி ஆயிற்று. 2011-இல் பெங்களூர் வீட்டின் தாயார் காலமானார். அவருடைய இருநூற்று நாற்பதும் அவருடைய மூன்று மக்களுக்கு ஆளுக்கு எண்பதாகச் சேர்ந்தது.

கூட்டிப் பார்த்தால், மூன்று மக்களில் ஒவ்வொருவருக்கும் நாற்பத்தைந்தில் பதின்மூன்று பங்கு. பணமாகச் சொன்னால் ஐம்பத்திரண்டு லட்சம். கோலார் அத்தைக்குப் பன்னிரண்டு லட்சம். சித்தப்பாவின் குடும்பத்தில் ஐந்து பேருக்கு ஆளுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். 'முழுவதும் எனது' என்று எண்ணியிருந்த மூத்தவருக்கு வருவது மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. 1990-இல் ஐந்து கையெழுத்துகளில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு 2024-இல் ஒன்பது கையெழுத்துகள் தேவைப்பட்டன. அதில் ஒன்று ஷார்ஜாவில் இருந்தது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தனியே எடுத்துப் பேச வேண்டும். 'பெண்களுக்குச் சொத்துரிமை 2005-க்குப் பிறகுதானே? அப்பா 1988-இலேயே போய்விட்டாரே' என்று மூத்தவர் கேட்டார். அவர் மட்டும் கேட்கவில்லை, படித்தவர்களும் கேட்கிறார்கள். 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை தந்தது. கர்நாடகம் தன் அளவில் 1994-லும், தமிழ்நாடு 1989-லும் மணமாகாத மகள்களுக்கு அத்தகைய உரிமையைத் தந்திருந்தன. இவை யாவும் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. தந்தை தாமே சம்பாதித்து வாங்கிய மனையில், அவர் உயிலின்றி இறந்தால், மகளுக்கு மகனோடு சம பங்கு 1956 முதலே இருக்கிறது. மணமானவரா இல்லையா என்ற வேறுபாடும் அதில் கிடையாது. குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை, குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பாகம் பிரிக்கக் கேட்க மகளுக்கு வழியில்லை என்று பழைய 23-ஆம் பிரிவு சொல்லிக்கொண்டிருந்தது. பங்கு இருந்தது, கேட்கும் வழி அடைத்திருந்தது. 2005-இல் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். வழி அடைத்திருந்ததை மக்கள் பங்கே இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

'கல்யாணத்தில் செய்தாயிற்று' என்பதும் சட்டத்தின் முன் பெரிதாக நிற்காது. நகையும் சீரும் விடுதலைப் பத்திரம் ஆகா. தந்தை உயிரோடு இருக்கும்போதே மகளிடம் 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று எழுதி வாங்குவதும் பொதுவாகப் பயன்படாது. பிற்காலத்தில் வாரிசாகக்கூடும் என்ற வெறும் வாய்ப்பைக் கைமாற்ற முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. இறப்புக்குப் பிறகு, பங்கு கைக்கு வந்த பிறகு, பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரத்தால் மட்டுமே அவர் பங்கை விட்டுக்கொடுக்க முடியும். நூறு ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி நோட்டரி முத்திரை வைத்த 'ஆட்சேபம் இல்லை' கடிதம் காத்தாவை மாற்ற உதவலாம், பங்கை மாற்றாது. பெங்களூரின் பாதிக் குடும்பத் தகராறுகள் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காணத் தவறியதால் வந்தவை என்பது என் கருத்து.

'முப்பது வருஷம் நான்தானே வரி கட்டினேன், நான்தானே குடியிருந்தேன்' என்ற வாதமும் எழுந்தது. கூட்டு வாரிசுகளில் ஒருவர் அனுபவித்து வந்தால், அது எல்லோர் சார்பிலும் அனுபவித்ததாகவே நீதிமன்றங்கள் கொள்கின்றன. கட்டிய வரியிலும் கட்டடச் செலவிலும் மற்றவர் பங்கைக் கணக்குப் பார்த்துக் கேட்கலாம், அது நியாயம். அதைக் கொண்டு மற்றவர் பங்கையே எடுத்துக்கொள்ள முடியாது.

வில்லங்கச் சான்றில் இதெல்லாம் தெரியாதா என்று பலர் கேட்பார்கள். தெரியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களை மட்டுமே வில்லங்கச் சான்று காட்டும். இறப்பு அங்கே பதிவாவதில்லை. 1979-இல் வாங்கிய பத்திரத்துக்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்குச் சான்று எடுத்தாலும் தந்தையின் பெயரில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு வெறுமை. அந்த வெறுமையைப் பார்த்து 'வில்லங்கம் இல்லை' என்று நிம்மதி அடைவதைவிட ஆபத்து வேறில்லை. சான்றில் கடைசியாக வரும் பெயரும் காத்தாவில் இருக்கும் பெயரும் வேறு வேறாக இருந்து, இடையில் பதிவான பத்திரம் எதுவும் இல்லையென்றால், அங்கே ஓர் இறப்பு இருக்கிறது என்று பொருள். அந்த இறப்பின் நாளன்று உயிரோடு இருந்த தாய், மனைவி, மகன்கள், மகள்கள் யார் யார் என்று பட்டியல் எழுதத் தொடங்க வேண்டும். எங்கள் பிரிவில் புதிதாக வந்த இளைஞர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்தது இந்த ஒன்றைத்தான்.

இது இந்துக்களுக்கான கணக்கு. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, எஞ்சிய இரண்டு பங்கு மக்கள் அனைவருக்கும் சமமாக. மக்கள் இருக்கும்போது தாய்க்குப் பங்கில்லை. இஸ்லாமியக் குடும்பத்தில் மக்கள் இருந்தாலும் தாய்க்கு ஆறில் ஒன்று உண்டு. மனைவிக்கு எட்டில் ஒன்று. அண்டை வீட்டார் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டு அதன்படி செய்வது இதனால்தான் பெங்களூரில் அவ்வளவு ஆபத்தானது. அண்டை வீட்டாருடைய சட்டம் வேறாக இருக்கும்.

இனி, என்ன செய்திருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். என் கருத்து எளியது. ஆனால் குடும்பங்களுக்கு அது பிடிப்பதில்லை. முதலில் எல்லோர் பெயரையும் ஏற்றுங்கள், பிறகு பிரியுங்கள். இரண்டையும் ஒரே நாளில் ஒரே விண்ணப்பத்தில் செய்ய முயலும்போதுதான் யாரோ ஒருவர் விடுபட்டுப்போகிறார்.

முதல் படி, கூட்டுப் பெயரில் காத்தா. இறப்புச் சான்று, தாயின் பெயரையும் உள்ளடக்கிய வம்சவிருட்சம், மூலப் பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, நடப்பு ஆண்டு வரை வரி கட்டிய ரசீது. இவற்றோடு ஐந்து பேர் பெயரிலும் மாற்றக் கோரினால் யாருக்கும் ஆட்சேபம் எழ வழியே இல்லை. யாரும் எதையும் இழக்கவில்லை. இரண்டாம் படி, குடும்பம் ஒத்துப்போகும்போது பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினை அல்லது விடுதலைப் பத்திரம். நெருங்கிய குடும்பத்தினரிடையே இவற்றுக்கு முத்திரைத் தீர்வை விற்பனைக்கானதைவிட மிகக் குறைவு. ஆனால் 'குடும்பத்தினர்' யார் என்பதை முத்திரைச் சட்டமே வரையறுக்கிறது. உடன்பிறந்தவருக்குக் கிடைக்கும் சலுகை, ஒரு தலைமுறை கடந்து சித்தப்பா மகனுக்கும் பெரியப்பா மகனுக்கும் இடையே என்று வரும்போது கிடைக்காமல் போகலாம். தாமதத்தின் விலையில் இதுவும் ஒன்று. அந்தப் பத்திரத்தைக் கொண்டு மூன்றாவதாகத் தனிப்பெயர் காத்தா.

உயில் இருந்தால் வழி வேறு. யாரும் மறுக்காத உயிலை வைத்துப் பெயர் மாற்றம் கேட்கலாம். ஒருவர் மறுத்துவிட்டால் உயில் உண்மையா பொய்யா என்று தீர்மானிக்கும் அதிகாரம் வட்டாட்சியருக்கோ உதவி ஆணையருக்கோ இல்லை. உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2002-இல் சொல்லியிருக்கிறது. அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் மேல்முறையீடு செய்துகொண்டே பத்தாண்டுகளைக் கழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொடக்கத்திலேயே நீதிமன்றம் போயிருந்தால் பாதியில் முடிந்திருக்கும்.

நகரத்தில் இப்போது ஒரு புதிய நெருக்கடி இதைத் துரிதப்படுத்துகிறது. 2024 அக்டோபர் முதல் பெங்களூரில் சொத்தைப் பதிவு செய்ய இ-காத்தா கட்டாயமானது. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்த பிறகும் அந்த முறை தொடர்கிறது. இ-காத்தா பெற உடைமையாளர் தம் ஆதாரைக் கொண்டு தம்மை மெய்ப்பிக்க வேண்டும். இறந்தவரால் அது இயலாது. அப்பா பெயரிலேயே வரி கட்டிக்கொண்டு காலம் தள்ளிய குடும்பங்கள் இப்போதுதான் விழித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடுகின்றன. ஓடும்போது அருகில் இருக்கும் ஒருவருடைய ஆதாரை மட்டும் கொடுத்துவிட்டு வருகின்றன. 1990-இன் பிழை கணினியில் மீண்டும் நிகழ்கிறது.

வேளாண் நிலத்திலும் இதே அச்சம் எனக்கு உண்டு. வாரிசுரிமையால் நிலம் கிடைத்தவர் மூன்று மாதங்களுக்குள் கிராம அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நில வருவாய்ச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படித் தெரிவிப்பவர் அரிது. அதனால் பாட்டன், முப்பாட்டன் பெயரிலேயே கிடக்கும் பஹணிகள் மாநிலம் முழுதும் உள்ளன. இவற்றை வாரிசுகள் பெயருக்கு மாற்றக் கர்நாடக வருவாய்த் துறை 2025-இல் 'இ-பவுதி' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. பவுதி காத்தா என்றால் இறந்தவரிடமிருந்து வாரிசுக்கு மாறும் காத்தா. மக்கள் அலுவலகத்தைத் தேடி அலையாமல் அலுவலகமே மக்களைத் தேடி வருவது பாராட்டத் தக்கது, இதில் ஐயமில்லை. என் ஐயம் அறிவிப்பைப் பற்றியது.

மாறுதல் பதிவேட்டில் எழுதிய பதிவின் நகலைச் சாவடியில் ஒட்ட வேண்டும், அக்கறை உடையவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஆட்சேபம் வந்தால் விசாரிக்க வேண்டும் என்று 129-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தில் குறையில்லை. ஆனால் ஆனேக்கல் பக்கத்துக் கிராமச் சாவடியில் கன்னடத்தில் ஒட்டப்படும் தாள், மணமாகி ஓசூரிலோ சேலத்திலோ வாழும் மகளின் கண்ணில் எப்படிப் படும்? 'அக்கறை உடையவர்' யார் என்று அலுவலருக்கு எடுத்துச் சொல்பவர் ஊரில் இருக்கும் அண்ணன்தானே? அண்ணன் சொல்லாத பெயருக்கு அறிவிப்பும் போகாது. ஆட்சேபம் இல்லாத பதிவு உறுதியாகிவிடும். அதன் பிறகு உதவி ஆணையரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் நீதிமன்றம் என்று நடக்க வேண்டியவர் அந்த மகளாகிவிடுகிறார். இறந்தவர் பெயர் பஹணியில் இருந்த வரையில் அவர் பங்குக்கு ஒரு பாதுகாப்பாவது இருந்தது. யாராலும் எளிதில் விற்க முடியவில்லை. தவறாக மாற்றிய பஹணி அந்தப் பாதுகாப்பையும் எடுத்துவிடும்.

எனவே வேகத்தை நான் எதிர்க்கவில்லை; வேகத்தின் அளவுகோலை எதிர்க்கிறேன். எத்தனை பஹணிகள் மாறின என்று எண்ணுவதோடு, வம்சவிருட்சத்தில் கண்ட ஒவ்வொருவருக்கும் கைப்பேசியிலோ அஞ்சலிலோ தனித்தனியே செய்தி போயிற்றா என்றும் எண்ண வேண்டும். வம்சவிருட்சப் படிவத்தில் இரண்டே கேள்விகளைக் கூட்டினால் போதும்: இறந்தவரின் தாய் அன்று உயிரோடு இருந்தாரா? மணமாகி வெளியூர் சென்ற மகள்கள் எத்தனை பேர், எங்கே? 'இல்லை' என்று எழுதினால் அது உறுதிமொழியாகட்டும். பொய்யென்று தெரிந்தால் அந்தப் பதிவு தானே விழட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை.

அந்த மனைக்குத் திரும்புகிறேன். விற்பனை நின்றது. வாங்குபவர் நல்லவர், ஐந்து மாதங்கள் பொறுத்தார். மூத்தவர் முதலில் சினந்தார், பிறகு சேலத்துக்குப் போனார். தங்கை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை என்றும், அதுதான் தமக்குத் தாங்க முடியாமல் போயிற்று என்றும் என்னிடம் சொன்னார். காத்தாவை ஒன்பது பேர் பெயருக்கும் திருத்த விண்ணப்பித்தார்கள். பாட்டி, சித்தப்பா, தாய் ஆகியோருடைய இறப்புச் சான்றுகளைத் திரட்ட வேண்டியிருந்தது. 1993-இல் வாணியம்பாடியில் பாட்டியின் இறப்பைப் பதிவு செய்திருந்தார்கள். அது பெரும் நல்வாய்ப்பு. ஓராண்டுக்கு மேலான பதிவில்லாத இறப்பாக இருந்திருந்தால், அதைப் பதிவு செய்வதற்கே உரிய அதிகாரியின் ஆணை தேவைப்பட்டிருக்கும். ஷார்ஜாவில் இருந்தவர் துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினார். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வையைச் செலுத்தியாக வேண்டும். தவறவிட்டால் தீர்வையோடு அபராதமும் கட்ட வேண்டிவரும்.

எல்லோரையும்விட நேரம் எடுத்துக்கொண்டவர் கோலார் அத்தை. எண்பது வயதைக் கடந்தவர். தம்மை ஏதோ கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று நினைத்து மறுத்துவிட்டார். மூத்தவர் இரண்டு முறை ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் விளக்கினார். 'எங்கம்மாவுக்கு உங்க வீட்ல பங்கு இருந்துச்சா? அவங்க இருந்தப்ப ஒருத்தரும் சொல்லலியே' என்று கேட்டாராம். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

விற்பனைப் பத்திரத்தில் ஒன்பது விற்பனையாளர் பெயர்கள். பதிவு நாளன்று அத்தையைக் காரில் அழைத்துவந்து சார்பதிவாளர் முன் உட்கார வைத்தார்கள். விரல் ரேகை தேய்ந்துபோயிருந்ததால் கருவி மூன்று முறை ஏற்கவில்லை. நான்காவது முறை ஏற்றது. பன்னிரண்டு லட்சத்துக்கான வரைவோலையைக் கையில் கொடுத்தபோது அதைத் தம் பேத்தியிடம் கொடுத்துப் பெயரைச் சரிபார்க்கச் சொன்னார். பெயர் சரியாக இருந்தது.